ஆள் நடந்து எடுப்பதா, பொருள் ஆளிடம் வருவதா: ஷட்டில், ரோபோ வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கிடங்கில் ஆர்டர் எடுக்க இரண்டு வழி உண்டு. பொருள் எடுக்கும் ஆளான பிக்கர் ரேக் ரேக்காக நடந்துபோய் எடுக்கலாம். அல்லது அவர் ஒரே மேடையில் நிற்க, ரேக்குகளுக்கு நடுவே ஓடும் ஷட்டில் வண்டியோ ரோபோவோ பொருள் இருக்கும் பெட்டியைக் கொண்டுவந்து காட்டலாம். இரண்டாவது வழி எப்போது போட்ட பணத்தைத் திருப்பித் தரும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. பலர் அந்த வரிசையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், பிறகு அதற்கு ஏற்றபடி கணக்கை வளைக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே மாதிரிக் கிடங்கை வைத்துக் கணக்கிடுகிறோம். அழகுசாதனம், சிறு மின்சாதனம் போன்ற சில்லறைப் பொருள்களை இணைய ஆர்டருக்கு அனுப்பும் கிடங்கு அது. 15,000 வகைப் பொருள்கள். நாளொன்றுக்கு 16,000 ஆர்டர். ஆர்டருக்குச் சராசரி இரண்டரை வரி, ஆக 40,000 வரி. ஒரு ஆர்டரில் ஒரு வகைப் பொருளுக்கு ஒரு வரி. இரண்டு ஷிப்ட், சாப்பாடு, ஓய்வு போக 14 மணி நேர வேலை, ஆண்டுக்கு 300 நாள். விலை, சம்பளம், வாடகை எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. தரவை எடுங்கள், சராசரியை நம்பாதீர்கள்

குறைந்தது பன்னிரண்டு மாத ஆர்டர் வரிகள் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஆர்டர் எண், பொருள் குறியீடு, எண்ணிக்கை, ஆர்டர் வந்த நேரம், வண்டி ஏற வேண்டிய கெடு நேரம் இருக்க வேண்டும். கூடவே பொருள் பட்டியல் நீளம், அகலம், உயரம், எடையுடன் வேண்டும்.

நாள் சராசரியை 14 மணியால் வகுத்தால் மணிக்கு 2,857 வரி. ஆனால் ஆர்டர் அப்படிச் சீராக வராது. மாலை லாரிக் கெடுவுக்கு முந்தைய மணி நேரம் எப்போதும் கனமாக இருக்கும். நம் மாதிரியில் உச்ச மணி ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 4,286 வரி. இயந்திரத்தின் அளவை முடிவு செய்வது இந்த எண்தான். நடந்து எடுக்கும் முறையில் உச்ச நேரத்துக்குப் பத்து பேரைக் கூடுதலாக அழைத்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்கோ உச்சத்துக்கான விலையை முதல் நாளே கொடுத்தாக வேண்டும். மற்ற நேரத்தில் அந்தத் திறன் சும்மா நிற்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, பொருள் பட்டியலில் உள்ள அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்வது. சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும் கலந்திருக்கும். அட்டைப்பெட்டியின் அளவு ஒற்றைப் பொருளின் அளவாகப் பதிவாகியிருக்கும். அதிகம் விற்கும் ஐந்நூறு பொருள்களையாவது கையில் எடுத்து அளந்துவிடுங்கள். ஒரு பெட்டியில் எத்தனை பொருள் கொள்ளும், எத்தனை பெட்டி வாங்க வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

## 2. ஒரு வரிக்கு ஆகும் நொடிகளைப் பிரியுங்கள்

பிக்கருடன் கூடவே நடந்து, ஸ்டாப்வாட்சில் நான்கு வேலைகளைத் தனித்தனியாகக் குறியுங்கள்: நடப்பது, இடத்தைத் தேடுவது, எடுத்து ஸ்கேன் செய்வது, பெட்டி மாற்றுவது, ஆர்டர் பேப்பர் வாங்குவது போன்ற மற்றவை.

நம் கிடங்கில் இப்போது ஒரு பேப்பரில் ஒரு ஆர்டர். ஒரு சுற்றுக்கு 120 மீட்டர் நடை, அதில் கிடைப்பது இரண்டரை வரி. நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் வரிக்கு 48 நொடி கால்களுக்கே போகிறது. தேடி எடுக்க 12 நொடி. மொத்தம் 60 நொடி, அதாவது மணிக்கு 60 வரி.

இயந்திரம் மிச்சப்படுத்தப் போவது அந்த 48 நொடியைத்தான். கை வேலை எந்த முறையிலும் இருக்கும். உங்கள் கிடங்கில் நடை நேரம் ஏற்கனவே குறைவு என்றால் இயந்திரத்தால் மிச்சமாக்க அங்கே அதிகம் இல்லை.

## 3. நடக்கும் முறையை முதலில் சீர்செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான் மிகப் பெரிய பிழை. ஒரு பேப்பர், ஒரு ஆர்டர் என்று ஓடும் மோசமான முறையோடு ஒப்பிட்டால் எந்த ரோபோவும் லாபமாகத்தான் தெரியும். அந்த லாபத்தில் பெரும்பகுதியை ஒரு தள்ளுவண்டியே கொடுத்துவிடும்.

பன்னிரண்டு பெட்டி வைக்கக்கூடிய தள்ளுவண்டியைச் செய்யுங்கள். ஒரு சுற்றில் பன்னிரண்டு ஆர்டர்களை ஒன்றாக எடுக்க வேண்டும். கையடக்க ஸ்கேனர் அடுத்த இடத்தையும், எந்தப் பெட்டியில் போடுவது என்பதையும் காட்ட வேண்டும். இப்போது ஒரு சுற்று 400 மீட்டராக நீளும். ஆனால் அதில் 30 வரி கிடைக்கும். வரிக்கு நடை சுமார் 13 நொடி. சரியான பெட்டியில் போடும் வேலை சேர்வதால் கை வேலை 12 நொடியிலிருந்து 20 நொடியாகிறது. கூட்டினால் 33 நொடி, மணிக்கு சுமார் 110 வரி.

அதோடு, அதிகம் போகும் பொருள்களை பேக்கிங் மேசைக்கு அருகே, இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தட்டுகளில் வையுங்கள். விற்பனை மாறுவதால் இதை மாதம் ஒருமுறை திருத்த வேண்டும். ஒருமுறை அடுக்கிவிட்டு ஆறு மாதம் விட்டால் பழைய நடை தானாகத் திரும்பி வந்துவிடும்.

ஒருவர் நாளுக்கு ஏழு மணி நேரம் முழுமையாக எடுக்கிறார் என்று வைத்தால், பேப்பர் முறைக்கு 95 பேர் தேவை. தள்ளுவண்டி முறைக்கு 52 பேர். இனி ஒப்பீடு முழுக்க 52 பேரோடுதான்.

## 4. இயந்திரத்துக்குள் போகும் பொருளைப் பிரியுங்கள்

பெட்டிகளை எடுத்துவரும் ஷட்டில் அமைப்புகள் பெரும்பாலும் 600 × 400 மி.மீ. அடிப்பரப்புள்ள பெட்டியைக் கையாள்பவை. சுமை வரம்பு பொதுவாக 30 கிலோவை ஒட்டி இருக்கும். அதில் அடங்காதவை, கசியக்கூடிய திரவங்கள், தீப்பற்றும் பொருள்கள், நீளமான பொருள்கள் வெளியேதான் இருக்கும். வெளியே இருப்பவற்றுக்கு நடந்து எடுக்கும் பகுதி தொடரும். ஒரே ஆர்டரில் உள்ளேயும் வெளியேயும் பொருள் இருந்தால், இரண்டையும் சேர்க்க ஒரு இடமும் ஆளும் வேண்டும். எத்தனை ஆர்டர் அப்படி உடைகிறது என்பதைத் தரவிலிருந்தே எண்ணிப் பாருங்கள். அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சேர்க்கும் வேலையே புதிய நெரிசலாகிவிடும்.

வேகமாகப் போகும் சில பொருள்களையும் யோசித்தே உள்ளே விட வேண்டும். நாளுக்கு ஆயிரம் முறை கேட்கப்படும் ஷாம்பூவை ஷட்டில் திரும்பத் திரும்பத் தூக்கிவருவதைவிட, பின்னாலிருந்து நிரப்பினால் முன்னால் சரிந்து வரும் உருளை ரேக்கில் வைத்து ஒருவர் நின்ற இடத்திலேயே எடுப்பது மலிவு. அங்கே நடையே இல்லை. இயந்திரம் தன் வேலையைக் காட்டுவது நடுத்தர, மெதுவான பொருள்களில்தான்: ஆயிரக்கணக்கான வகைகள், ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ஒன்றிரண்டு வரி, கிடங்கு முழுக்கச் சிதறிக் கிடப்பவை.

நம் மாதிரியில் 40,000 வரியும் இந்த வடிகட்டலுக்குப் பின் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம்.

## 5. ஷட்டிலா, ரேக் தூக்கும் ரோபோவா

ஷட்டில் அமைப்பில் ரேக் வரிசைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு சந்திலும் தளத்துக்கு ஒரு வண்டி ஓடும். சந்தின் முனையில் லிப்ட் பெட்டிகளை ஏற்றி இறக்கும். கூரை உயரமாகவும் வரி எண்ணிக்கை அதிகமாகவும் இருந்தால் இது பொருந்தும். பின்னால் விரிவாக்குவது கடினம்.

ரேக்கின் அடியில் புகுந்து ரேக்கையே தூக்கிவரும் ரோபோக்கள் தரையில் ஒட்டிய குறியீடுகளைப் படித்து ஓடுபவை. தொடங்குவது எளிது, நாளை பத்து ரோபோ கூட்டலாம். ஆனால் கூரை உயரம் வீணாகும், தரை சமமாக இருந்தாக வேண்டும். தட்டிலிருந்து ஒரு டப்பா தரையில் விழுந்தால் அதை எடுக்க ஆள் உள்ளே போகும் வரை அந்தப் பகுதி நிற்கும்.

ஆட்டோஸ்டோர் போன்ற அமைப்பில் பெட்டிகள் இடைவெளியின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, மேலே ஓடும் ரோபோ தன் பிடியைக் கீழே இறக்கிப் பெட்டியைத் தூக்கும். இடச் சிக்கனத்தில் இதற்கு ஈடு குறைவு. அடியில் இருக்கும் பெட்டி வேண்டுமென்றால் மேலிருப்பவற்றை முதலில் நகர்த்த வேண்டும் என்பதால், ஆர்டர் வந்த பத்து நிமிடத்தில் போக வேண்டும் என்ற நெருக்கடி உள்ள இடத்தில் கவனம் தேவை.

## 6. மேடைகளை எண்ணுங்கள், பிறகு லிப்டை எண்ணுங்கள்

விற்பவர் ஒரு மேடைக்கு மணிக்கு 400 வரி, 500 வரி என்று சொல்வார். அது பெட்டி ஒருபோதும் தாமதிக்காத, ஒரு வரிக்கு ஒரே பொருள் எடுக்கும் நிலையில் கிடைக்கும் எண். நீங்கள் நொடிகளைக் கூட்டிப் பாருங்கள். பொருளை எடுத்து, உறுதிசெய்து, போட 8 நொடி. அடுத்த பெட்டி நிலைக்கு வர 3 நொடி. நிறைந்த ஆர்டர் பெட்டியைத் தள்ளி புதியதை வைப்பதைப் பகிர்ந்தால் வரிக்கு 3 நொடி. ஆக 14 நொடி, மணிக்கு சுமார் 250 வரி.

உச்ச மணிக்கு 4,286 வரி வேண்டும். 250 ஆல் வகுத்தால் 18 மேடை. நாள் முழுக்க எடுப்பதற்கு 160 மணி நேரம், அதாவது 23 பேர்.

அடுத்த கேள்விதான் பெரும்பாலான திட்டங்களில் கேட்கப்படாமல் போகிறது: ஒருமுறை வந்த பெட்டியிலிருந்து எத்தனை வரி எடுக்கிறீர்கள்? ஒரு வரி மட்டும் எடுத்துத் திருப்பி அனுப்பினால், உச்ச மணியில் 4,286 பெட்டி வெளியே வர வேண்டும், அத்தனையும் திரும்ப உள்ளே போக வேண்டும். பத்து சந்து இருந்தால் ஒரு சந்துக்கு மணிக்கு 429 பெட்டி. வெளியேற்றும் லிப்டுக்கு ஒரு பெட்டிக்கு 8 நொடிதான் கிடைக்கும். பெட்டிக்கு 1.6 வரி எடுக்க முடிந்தால் சந்துக்கு 268 பெட்டி, 13 நொடி கிடைக்கும். அதே கிடங்கு, அதே ஆர்டர்தான். இயந்திரத்தின் விலை மட்டும் வேறு.

இந்த 1.6 எங்கிருந்து வருகிறது? ஒரு மேடையில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஆர்டர்களின் எண்ணிக்கையிலிருந்து. ஆறு ஆர்டர் மட்டும் திறந்திருந்தால் ஒரே பொருளை இரண்டு ஆர்டர் கேட்க வாய்ப்பு மிகக் குறைவு. பின்னால் இருபத்து நான்கு அறைகள் கொண்ட ரேக் வைத்து அத்தனை ஆர்டர்களைத் திறந்தால் வாய்ப்பு கூடும். ஆர்டர் வந்த வரிசையிலேயே விடாமல், ஒரே பொருளைக் கேட்கும் ஆர்டர்களை ஒரே மேடைக்குச் சேர்த்து விடவும் வேண்டும். வாடிக்கையாளருக்கு அரை மணிக்குள் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தால் இப்படிச் சேர்க்க நேரமே இருக்காது. அந்த வாக்குக்கும் இயந்திரத்தின் விலையில் ஒரு பங்கு உண்டு.

ஓடத் தொடங்கிய பின் மணிக்கு 250 வராமல் 170 வந்தால், பிக்கரைக் குறை சொல்லும் முன் மேடையின் பதிவுகளைப் பாருங்கள். பெட்டிக்காக ஆள் காத்திருந்த நேரம், ஆளுக்காகப் பெட்டி காத்திருந்த நேரம், காலி ஆர்டர் பெட்டிக்காக இரண்டும் காத்திருந்த நேரம் என்று மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது பெரிதாக இருந்தால் லிப்டோ கன்வேயரோ நெரிகிறது. ஷட்டில் வண்டிகளைக் கூட்டினாலும் பயன் இருக்காது. வேகப் பொருள்கள் எல்லாம் ஒரே சந்தில் குவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே பொருளை இரண்டு மூன்று சந்துகளில் பிரித்து வைத்தால் நெரிசலும் குறையும், ஒரு சந்து பழுதானாலும் ஆர்டர் நிற்காது.

## 7. பெட்டிக்குள் நிரப்பும் ஆட்களை மறக்காதீர்கள்

ரேக்கில் அட்டைப்பெட்டியை அப்படியே வைக்கலாம். இயந்திரத்துக்கு அட்டையை வெட்டி, பொருளை எடுத்து, அளவான பெட்டியில் போட்டு, எண்ணி, பதிவு செய்தாக வேண்டும். இந்த வேலை பழைய முறையில் இல்லாதது.

நாளுக்கு 40,000 வரியில் சுமார் 52,000 பொருள் வெளியே போகிறது என்றால் அவ்வளவும் உள்ளே வர வேண்டும். பெட்டிக்கு 24 என்றால் நாளுக்கு சுமார் 2,200 பெட்டி. ஒருவர் மணிக்கு 50 பெட்டி நிரப்பினால் 6 பேர். பழுது பார்க்கும் தொழில்நுட்பர் இரண்டு ஷிப்டுக்குமாக 3 பேர். மேடையில் 23, இவர்கள் 9, ஆக 32 பேர். தள்ளுவண்டி முறையின் 52 பேரோடு ஒப்பிட்டால் மிச்சம் 20 பேர்.

நிரப்புவதில் எண்ணிக்கை தவறினால் மேடையில் பெட்டி வந்து நிற்கும், பொருள் இருக்காது. ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று வீணாகும். அதனால் நிரப்பும் மேசையில் எடை பார்க்கும் தராசு வைப்பது வீண் செலவு ஆகாது.

## 8. பணக் கணக்கு: ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று

அதே கிடங்கை இரண்டு ஊரில் வைத்துப் பார்ப்போம். இயந்திரம் வந்தால் 50,000 சதுர அடி மிச்சமாகும் என்று இரண்டிலும் கொள்வோம். பராமரிப்பு, மென்பொருள், மின்சாரத்துக்கு ஆண்டுக்கு இயந்திர விலையில் 4 விழுக்காடு.

ஸ்ரீபெரும்புதூர். ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். 20 பேருக்கு 60 லட்சம். இடம் சதுர அடிக்கு மாதம் 25 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1.5 கோடி. மொத்த மிச்சம் 2.1 கோடி. இயந்திரம் 30 கோடி, பராமரிப்பு 1.2 கோடி. கையில் நிற்பது ஆண்டுக்கு 90 லட்சம். போட்ட பணம் திரும்ப 33 ஆண்டு. பழைய பேப்பர் முறையோடு ஒப்பிட்டுக் காட்டினால் இதே கணக்கு 14 ஆண்டுக்குள் வந்து நிற்கும். மூன்றாவது படியைத் தாண்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

சிங்கப்பூர். ஒரு ஆளுக்கு மத்திய சேமநிதி, வெளிநாட்டு ஊழியர் தீர்வை எல்லாம் சேர்த்து மாதம் 3,000 வெள்ளி, ஆண்டுக்கு 36,000. 20 பேருக்கு 7.2 லட்சம் வெள்ளி. இடம் சதுர அடிக்கு மாதம் 1.80 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 10.8 லட்சம். மொத்தம் 18 லட்சம். இயந்திரம் 60 லட்சம் வெள்ளி, பராமரிப்பு 2.4 லட்சம். கையில் நிற்பது 15.6 லட்சம். நான்கு ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும்.

இப்போது அந்த இட வாடகையை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். சிங்கப்பூரிலேயே 12 ஆண்டுக்கு மேல் ஆகும். பலரும் நடையை மிச்சப்படுத்தவே இயந்திரம் என்று நினைக்கிறார்கள். கணக்கைத் தூக்கிப் பிடிப்பது பெரும்பாலும் இடம்தான். அந்த மிச்சமும் இடத்தைத் திருப்பிக் கொடுத்தாலோ, அதில் வேறு வருமானம் பார்த்தாலோ, எடுக்கவிருந்த புதிய கிடங்கைத் தவிர்த்தாலோதான் உண்மை. குத்தகை இன்னும் ஆறு ஆண்டு ஓடும், காலியான இடம் சும்மா கிடக்கும் என்றால் கணக்கில் இடத்துக்குப் பூஜ்ஜியம் போடுங்கள்.

## 9. எந்த நிலையில் கணக்கு மாறும்

சென்னைப் பக்கத்தில் இது ஒருபோதும் ஒத்துவராது என்று இல்லை. இருக்கும் கட்டடம் நிறைந்துவிட்டது, பக்கத்தில் இடமில்லை, புதிய கிடங்கு என்றால் சரக்கு இரண்டு இடத்தில் பிரிந்து ஆர்டர்கள் உடையும் என்ற நிலையில், தவிர்க்கப்படும் செலவு வாடகையைவிடப் பல மடங்கு. ஆள் கிடைத்தாலும் நிலைக்காமல், மாதாமாதம் புதியவருக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் அந்தச் செலவும் சேரும். தவறான பொருள் போனால் பெரிய நட்டம் வரும் மருந்து, உதிரிபாகக் கிடங்குகளில் பிழை குறைவதற்கு ஒரு விலை உண்டு. திரும்பி வந்த ஆர்டர்களின் உண்மையான செலவை எடுத்து அந்த விலையைப் போடுங்கள்.

வரி எண்ணிக்கை பாதியானால் இயந்திர விலை பாதியாகாது. மேடைகளும் லிப்டுகளும் குறையும். 15,000 வகைகளையும் வைக்கும் பெட்டிகளும் ரேக்கும் அப்படியே இருக்கும். ஒரே ஷிப்ட் ஓடும் கிடங்கிலும் இதே சிக்கல்தான். அதனால் நாளுக்குச் சில ஆயிரம் வரி மட்டும் உள்ளவர்கள் தள்ளுவண்டியோடு நிற்பதே நல்லது. ரோபோக்களை வரிக்கு இவ்வளவு என்று வாடகைக்குத் தருபவர்களும் உண்டு. அப்போது ஒப்பிட வேண்டிய எண் எளியது: தள்ளுவண்டி முறையில் ஒருவர் ஆண்டுக்கு 2,31,000 வரி எடுக்கிறார், 3 லட்சம் ரூபாய்க்கு வரிக்கு 1.30 ரூபாய். வாடகையும், மேடையில் நிற்பவரின் கூலியும், நிரப்பும் கூலியும் சேர்ந்து, இடத்தில் கிடைக்கும் மிச்சத்தைக் கழித்த பிறகு, இதற்குக் கீழே வர வேண்டும். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வரி எண்ணிக்கை இருந்தால், மந்தமான மாதத்து எண்ணை வைத்தே கணக்கிடுங்கள்.

## 10. கையெழுத்துக்கு முன்னும் ஓடத் தொடங்கும்போதும்

விற்பவரிடம் கணினி சிமுலேஷனை உங்கள் உண்மையான ஆர்டர் கோப்பில், ஆண்டின் மிகக் கனமான நாளை வைத்து ஓட்டச் சொல்லுங்கள். அதில் நிரப்பும் வேலையும் அதே நேரத்தில் ஓட வேண்டும். லிப்டுகள் இரண்டுக்கும் பொதுவானவை. எடுப்பதை மட்டும் ஓட்டிக் காட்டும் எண் பாதி உண்மைதான். பிறகு ஒரு சந்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

ஏற்புச் சோதனையை மணிக்கு எத்தனை பெட்டி வந்தது என்று எழுதாமல், எத்தனை வரி முடிந்தது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெட்டிக்கு எத்தனை வரி என்பது தன் கையில் இல்லை என்று விற்பவர் வாதிடுவார். அது நியாயமான வாதம். எனவே பெட்டிக்கு 1.6 வரி என்ற அனுமானத்தையும் பக்கத்திலேயே எழுதி, சோதனைக்கு உரிய ஆர்டர் கோப்பை முன்பே இருவரும் ஒப்புக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்புத் துறை அனுமதியை வடிவமைப்பு நிலையிலேயே தொடங்குங்கள். நெருக்கமாக அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு ரேக்கின் உள்ளேயே ஸ்பிரிங்க்ளர் கேட்கப்படலாம். ரேக் நின்ற பிறகு அதைச் சேர்ப்பது பெரும் செலவு.

சரக்கை ஒரே நாளில் மாற்றாதீர்கள். மெதுவாகப் போகும் பொருள்களில் இரண்டாயிரம் வகையை முதலில் ஏற்றி, இரண்டு வாரம் ஓட்டி, எண்ணிக்கைப் பிழையைத் திருத்திவிட்டு அடுத்த தொகுதிக்குப் போங்கள். திருவிழா விற்பனைக்கு முந்தைய இரண்டு மாதத்தில் மாற்றம் எதுவும் வேண்டாம். தள்ளுவண்டிகளையும், அதிகம் போகும் பொருள்களுக்கான ஒரு சிறிய ரேக் பகுதியையும் முதல் ஆண்டு முழுக்க அப்படியே வைத்திருங்கள். கட்டுப்பாட்டு மென்பொருள் நின்றுபோன மாலையில் அன்றைய லாரியில் பாதியாவது ஏற அந்த ரேக்கிலிருந்துதான் எடுக்க முடியும்.